வாரம் 20 மணி நேரம் என்று போட்ட தாள்

"நாங்கள் காரிமங்கலம் பக்கம். தங்கை செப்டம்பரில் எம்.எஸ்சி. படிக்க இங்கிலாந்து போகிறாள், லண்டன் இல்லை. விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவர் ஒரு தாள் தந்தார். 'மணிக்கு 12.71 பவுண்டு, வாரம் 20 மணி நேரம், வரி 20 சதவீதம் போக மாதம் ₹1,05,700' என்று இருக்கிறது. பவுண்டு 120 ரூபாய் என்று வைத்து நான் போட்டால் ₹97,600தான் வருகிறது. யார் கணக்கு சரி? நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்கு மாதம் ₹38,000 தவணை. அவள் பார்ட் டைம் சம்பளத்தில் அதைக் கட்டிவிடலாமா?"

பெருக்கலில் அந்தத் தாள் சரி, நீங்கள் போட்டதுதான் தவறு. ஆனால் தாளில் இருக்கும் வரி தவறு. மணி நேரம் அதைவிடப் பெரிய தவறு. நான் பாலக்கோட்டுக்காரன். இங்கிலாந்தில் ஒன்பது வருடம் ஒரு சில்லறைக் கடை நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடும் வேலை பார்த்துவிட்டு, இப்போது தர்மபுரியில் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். இதே போன்ற தாளோடு வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் வருகிறார்கள்.

முதலில் உங்கள் 97,600. நீங்கள் மாதத்துக்கு 4 வாரம் என்று பெருக்கியிருக்கிறீர்கள். 4 வாரம் என்றால் 28 நாள்; பிப்ரவரியைத் தவிர எந்த மாதமும் 28 நாளில் முடிவதில்லை. அப்படி 12 மாதம் பெருக்கினால் வருடத்துக்கு 48 வாரம்தான் கணக்கில் வருகிறது, மீதி 4 வாரச் சம்பளம் காணாமல் போகிறது. வாரச் சம்பளத்தை 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுப்பதுதான் முறை. 12.71-ஐ 20-ஆல் பெருக்கினால் வாரம் 254.20 பவுண்டு. வருடத்துக்கு 13,218.40, மாதத்துக்கு 1,101.53. அதில் 20 சதவீதம் கழித்தால் 881.23. அதை 120-ஆல் பெருக்கினால் ₹1,05,747. தாள்காரர் கடைசி இரண்டு இலக்கத்தை வெட்டிவிட்டார், அவ்வளவுதான். போனில் இருக்கும் ஷீட்டில் A1-இல் மணிக்கூலி, A2-இல் வார மணி நேரம், A3-இல் வரிச் சதவீதம், A4-இல் பவுண்டின் ரூபாய் மதிப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரே வரியில் முடிந்துவிடும்:

```
=A1*A2*52/12*(1-A3/100)*A4
```

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அங்கே பல கடைகளில் சம்பளம் மாதா மாதம் வராது, நாலு வாரத்துக்கு ஒரு முறை வரும். அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் தங்கையின் சம்பளச் சீட்டில் 1,101 இருக்காது, 1,016.80தான் இருக்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். வருடத்தில் 13 முறை சம்பளம் வரும், கூட்டினால் அதே 13,218தான். வாடகை மட்டும் மாதக் கணக்கில் போகும் என்பதால் முதல் சில மாதம் கை கடிக்கும்.

இனி வரி. மாணவர் வருமானத்தில் 20 சதவீதம் கழித்துக்கொள்வது பார்க்கப் பொறுப்பான கணக்கு மாதிரி தெரியும், "வரி கூடப் போட்டுப் பார்த்திருக்கிறாரே" என்று நம்பத் தோன்றும். ஆனால் அங்கே வரி முதல் பவுண்டிலிருந்து ஆரம்பிப்பதில்லை. வருடத்துக்கு 12,570 பவுண்டு வரை வருமான வரி கிடையாது. அதற்கு மேல் வருகிற பகுதிக்குத்தான் 20 சதவீதம். மாதக் கணக்கில் அது 1,047.50. இதைத் தவிர நேஷனல் இன்சூரன்ஸ் என்று ஒரு பிடித்தம் உண்டு. மாதம் 1,048 பவுண்டுக்கு மேல் வருகிற தொகையில் 8 சதவீதம். 1,101.53 சம்பளத்தில் வரம்பைத் தாண்டி நிற்பது ஏறக்குறைய 54 பவுண்டுதான். அதற்கு வரி 10.81, இன்சூரன்ஸ் 4.28, மொத்தம் 15 பவுண்டு சொச்சம். சம்பளத்தில் இது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. வாரம் முழு 20 மணி நேரமும் வேலை இருந்தால் கைக்கு வருவது 1,086 பவுண்டு, ரூபாயில் 1,30,000-க்கு மேல். ஆக, வரி விஷயத்தில் தாள்காரர் உங்களுக்குக் குறைத்துத்தான் காட்டியிருக்கிறார்!

இன்னொன்றும் உண்டு. அங்கே வரி வருடம் ஏப்ரல் 6-ஆம் தேதி தொடங்குகிறது. உங்கள் தங்கை அக்டோபரிலோ நவம்பரிலோ வேலையில் சேர்ந்தால், ஏப்ரலிலிருந்து அதுவரை பயன்படுத்தாத விலக்கும் அவள் கணக்கில் சேர்ந்துகொள்ளும். அடுத்த ஏப்ரல் வரை அவளுக்கு வருமான வரி ஒரு காசும் வராது. இன்சூரன்ஸ் அப்படிச் சேராது, அந்தந்தச் சம்பளத்துக்கு அப்போதே முடிந்துவிடும். பிடித்தது திரும்பியும் வராது.

அப்படியானால் 20 சதவீதம் எங்கிருந்து வந்தது? அதுவும் கற்பனை இல்லை. வேலையில் சேரும் அன்று ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். இந்த வரி வருடத்தில் இதுதான் முதல் வேலையா, இப்போது வேறு வேலையும் இருக்கிறதா என்று கேட்கும். வேறு வேலை இருப்பதாகத் தவறுதலாகக் குறித்துவிட்டால் சம்பளச் சீட்டில் வரிக் குறியீடு BR என்று வந்து உட்கார்ந்துகொள்ளும். BR என்றால் விலக்கே கிடையாது, முழுச் சம்பளத்திலும் 20 சதவீதம் போகும். படிவமே கொடுக்காமல் விட்டால் 0T வரும், அதிலும் விலக்கு இல்லை. ஒவ்வொரு அக்டோபரிலும் எங்கள் மேஜைக்கு வந்த புதுப் பிள்ளைகளின் படிவங்களில் இந்தத் தவறு இருக்கும். பாதிப் பேர் "வெளிநாட்டுக்காரர்களுக்கு இவ்வளவுதான் பிடிப்பார்கள் போல" என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். தங்கையிடம் சொல்லி வையுங்கள்: முதல் சீட்டில் முழு விலக்கும் தரும் குறியீடான 1257L இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். BR அல்லது 0T இருந்தால் அங்குள்ள வரித்துறைக்குப் போன் செய்தோ அவர்கள் தளத்தில் கணக்குத் திறந்தோ திருத்தச் சொல்லலாம். குறியீடு சரியானதும் அதிகம் பிடித்த வரி அடுத்தடுத்த சம்பளத்தோடு திரும்பிவிடும். உண்மையிலேயே இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டாவது இடத்தில் BR போடுவது வழக்கம். அங்கே மட்டும் 20 சதவீதம் என்ற கணக்கு பொருந்தும்.

இதுவரை சொன்னது சட்டம், சந்தேகமில்லாதது. மணிக்கூலியும் அப்படித்தான், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. 12.71 பவுண்டு 2026 ஏப்ரல் முதல் 21 வயது நிரம்பியவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி. 18 முதல் 20 வயது வரை 10.85தான். நம் ஊரில் பி.எஸ்சி. முடிக்கும்போது பல பெண்களுக்கு 20 முடிந்து 21 நடந்துகொண்டிருக்கும். தங்கையின் பிறந்த தேதியைப் பாருங்கள். ஜனவரியில்தான் 21 நிரம்புகிறது என்றால் அதுவரை அவளுக்குக் குறைந்த கூலியைக் கொடுக்கக் கடைக்காரருக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

இனி அந்த 20 மணி நேரம். நூறு நாள் வேலைத் திட்டம் என்று பெயர் வைத்தார்களே, காரிமங்கலம் ஒன்றியத்தில் எத்தனை பேருக்கு முழு நூறு நாளும் வேலை கிடைத்தது? அந்தப் பெயரில் இருந்த நூறு மாதிரிதான் விசாவில் இருக்கும் 20. அது மேல் வரம்பு. அதற்கு மேல் வேலை பார்த்தால் குற்றம் என்று சொல்கிறதே தவிர, அவ்வளவு வேலை தருவோம் என்று யாரும் சொல்லவில்லை. கடைகள் மாணவர்களை எடுக்கும்போது ஒப்பந்தத்தில் 8 மணி, 12 மணி என்றுதான் எழுதுவார்கள். சில இடங்களில் ஒப்பந்த நேரமே பூஜ்யம், கூப்பிட்டால் போக வேண்டும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் கூட்டத்துக்குக் கூடுதல் ஷிஃப்ட் தாராளமாகக் கிடைக்கும். ஜனவரி பிறந்ததும் அதே மேலாளர் ஆளைக் குறைப்பார். நான் போட்ட பட்டியல்களில் வருடம் முழுக்க வாரம் 20 மணி எட்டிய மாணவர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்கள் அந்தக் கடையில் இரண்டாவது வருடம் ஓட்டுகிறவர்கள். வந்த வருடமே அப்படிக் கிடைத்தவர்கள் அரிது.

ஷிஃப்டைக் கணக்குப் போடும்போதும் கவனம் வேண்டும். மாலை 4 மணிக்குப் போய் 10:30-க்கு வெளியே வந்தால் ஆறரை மணி நேரம். ஆனால் நடுவில் அரை மணி இடைவேளைக்குப் பெரும்பாலான கடைகள் கூலி தருவதில்லை. சீட்டில் ஆறு மணி நேரம்தான் இருக்கும். வாரம் இரண்டு ஷிஃப்ட் என்றால் "13 மணி நேரம் போனேனே" என்பாள், காசு 12-க்குத்தான் வரும்.

வரம்பைத் தாண்டவும் கூடாது. வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இரண்டு வேலை பார்த்தால் இரண்டையும் கூட்டித்தான் 20. இந்த வாரம் 24, அடுத்த வாரம் 16, சராசரி 20 என்ற பேச்சு செல்லாது, 24 மணி பார்த்த வாரமே விசா மீறல்தான். சாப்பாடு டெலிவரி செயலிகளில் ஓடுவது சுயதொழிலாகக் கருதப்படுகிறது, மாணவர் விசாவில் அதற்கு இடமே இல்லை. "கோடை விடுமுறையில் முழு நேரம் பார்க்கலாம்" என்றும் தாள்காரர் சொல்லியிருப்பார். இளங்கலை மாணவர்களுக்கு அது சரி. ஒரு வருட எம்.எஸ்சி.யில் கோடைக்காலம் ஆய்வறிக்கை எழுதும் காலம், பொதுவாக அதையும் படிப்புக் காலமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். பல்கலைக்கழகம் எழுத்தில் தரும் பருவத் தேதிகளில் விடுமுறை என்று போட்டிருக்கும் நாட்களில் மட்டும்தான் 20-ஐத் தாண்டலாம்.

ஆகவே உங்கள் தங்கைக்கு நான் போடும் கணக்கு இது. 21 வயது நிரம்பிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். செப்டம்பர் கடைசியில் போய் இறங்குகிறாள். வங்கிக் கணக்கு, வீடு, வகுப்பு என்று ஓடி, விண்ணப்பம் போட்டு, வேலை கிடைத்து முதல் ஷிஃப்ட் நிற்க நவம்பர் கடைசி ஆகும். அதாவது இரண்டு மாதம் வருமானம் பூஜ்யம். மீதி 10 மாதம் வாரம் 12 மணி நேரம். 12.71-ஐ 12-ஆல் பெருக்கினால் வாரம் 152.52, மாதம் 660.92. வரியும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை, இரண்டு வரம்பையும் எட்டவே இல்லை. ரூபாயில் ₹79,300. பத்து மாதத்துக்கு 6,609 பவுண்டு. அதை 12 மாதத்துக்கும் பரப்பினால் மாதம் 551 பவுண்டு, அதாவது ₹66,000 சொச்சம். தாளில் ₹1,05,700. வரியைத் தேவையில்லாமல் கழித்த பிறகும் தாள் இவ்வளவு தூரம் மேலே நிற்கிறது.

இந்த 12 மணி என் அனுபவத்தில் வந்த மதிப்பீடு. அதைவிட நன்றாகவும் அமையலாம், மோசமாகவும் அமையலாம். ஷீட்டில் A3-இல் 0 வைத்து, A2-இல் 8, 12, 16 என்று மூன்று முறை போட்டுப் பாருங்கள். 16-க்கு மேல் போட்டு எந்தக் கடனையும் முடிவு செய்யாதீர்கள்.

₹66,000 வந்தால்கூட ₹38,000 தவணை கட்டி மிச்சம் இருக்குமே என்று தோன்றும். ரூபாயில் மாற்றிப் பார்ப்பதில் இருக்கும் மயக்கம் அதுதான். அவள் சம்பாதிப்பது பவுண்டு, செலவழிப்பதும் பவுண்டு. லண்டனுக்கு வெளியே ஒரு மாணவருக்கு மாதச் செலவு 1,171 பவுண்டு என்று விசா விதியே வைத்திருக்கிறது. 9 மாதத்துக்கு அந்தத் தொகையை, அதாவது 10,539 பவுண்டை, வங்கியில் தொடர்ந்து 28 நாள் காட்டினால்தான் விசா தருகிறார்கள். நான்கு பேர் சேர்ந்து வீடு எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டால் இதைவிடக் குறைக்கலாம், ஆனால் கணக்குக்கு அதுவே இருக்கட்டும். வேலை கிடைத்த மாதத்திலும் வரவு 661, செலவு 1,171. துண்டு விழுவது 510 பவுண்டு, ₹61,200. அந்தப் பணம் காரிமங்கலத்திலிருந்துதான் அங்கே போக வேண்டும்.

இதில் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று. பவுண்டு 120-லிருந்து 125-க்கு ஏறினால் ஷீட்டில் வருமானம் ₹3,300 கூடிக் காட்டும். ஆனால் அங்கே அவளுக்கு ஒரு பென்னிகூடக் கூடாது. நீங்கள் அனுப்ப வேண்டிய 510 பவுண்டுதான் ₹2,550 கூடுதலாக ஆகும். வங்கியில் பவுண்டு வாங்கும்போது, போனில் தெரியும் விலையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கேட்பார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துண்டு விழும் வரைக்கும் பவுண்டு ஏறுவது உங்களுக்கு நஷ்டம்தான்.

கடைசியாக, நான் நேரில் இருந்தால் உங்கள் அப்பாவிடம் கேட்டிருக்கக் கூடிய கேள்வி: விசாவுக்குக் காட்டிய, அல்லது காட்டப்போகிற அந்த 10,539 பவுண்டு, ஏறக்குறைய ₹12,65,000, உங்கள் பணம்தானா? அல்லது 28 நாள் கணக்கில் நிற்க வைக்க வட்டிக்கு வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடும் பணமா? தாள் தரும் ஆட்களே இந்த ஏற்பாட்டையும் செய்து தருவதை நான் பார்த்திருக்கிறேன்.

அது உங்கள் பணம் என்றால் கணக்கு இப்படி ஓடும். 12 மாதச் செலவு 14,052 பவுண்டு. அவள் சம்பாதிப்பது 6,609. துண்டு 7,443. அதைக் காட்டிய பணத்திலிருந்து எடுத்தால் வருடக் கடைசியில் 3,096 பவுண்டு, ₹3,71,500 மிஞ்சும். உங்கள் 12 மாதத் தவணை ₹4,56,000. அப்போதும் ₹84,500 குறைகிறது. அந்தப் பணமே நிலத்தின் மேல் வாங்கிய கடன்தான் என்றால், கடனில் ஒரு பகுதியை எடுத்து அதே கடனுக்குத் தவணை கட்டுகிறீர்கள். காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற பணம் என்றால் 7,443 பவுண்டும், அதாவது ₹8,93,000, தவணை ₹4,56,000-மும் சேர்ந்து ஒரே வருடத்தில் வீட்டின் தலையில் விழும். அந்த நிலைமையில்தான் பிள்ளைகள் 20 மணி வரம்பைத் தாண்டி, சீட்டு இல்லாமல் கையில் காசு தரும் கடைகளில் போய் நிற்கிறார்கள்.

அதனால் தவணையைத் தங்கையின் சம்பளத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். கடன் கொடுத்தவரிடம் போய், படிப்பு முடியும் வரை வட்டி மட்டும் கட்ட அனுமதிப்பாரா என்று எழுத்தில் கேளுங்கள். கல்விக் கடனாக வங்கியில் வாங்கினால் படிப்புக் காலம் முடியும் வரையாவது அசலுக்குத் தவணை தொடங்காது. நிலத்தின் மேல் வாங்கும் சாதாரணக் கடனுக்கு அந்தச் சலுகை தானாக வராது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் முதலில் வங்கியில் கேளுங்கள், தாள்காரரிடம் அப்புறம் போகலாம்.